எள் வெடிக்க வேண்டும், கசக்கக் கூடாது: வறுவலில் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க

எள் வறுப்பதற்குச் சமையல் குறிப்புகள் எல்லாம் சொல்வது ஒரே வரிதான்: "படபடவென்று வெடிக்கும் வரை வறுக்கவும்." அதை நம்பிக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கு இரண்டில் ஒன்று நடக்கும். வெடிக்கவே வெடிக்காது, காத்திருந்து காத்திருந்து எள் கருகும். இல்லையென்றால் உடனே வெடிக்கும், இறக்கி அரைத்தால் பச்சை வாடை அடிக்கும்.

வெடிப்பு எதனால் வருகிறது என்று தெரிந்தால் இந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். எள்ளுக்குள் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. சூடேறும்போது அது ஆவியாகி, வெளியே போக வழியில்லாமல் தோலை முட்டும். தோல் விரிசல் விடும்போதுதான் அந்தச் சத்தமும் துள்ளலும். ஆக, வெடிக்க ஈரமும் வேண்டும், தோலும் வேண்டும். மணம் வருவது வேறு வேலை. உள்ளிருக்கும் பருப்பு சூட்டில் மெல்ல நிறம் மாறும்போதுதான் வறுத்த மணம் வரும். இந்த இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே நடப்பதால் ஒன்று மற்றொன்றுக்கு அடையாளமாகிவிட்டது. எப்போதும் சேர்ந்து நடக்கும் என்று கட்டாயமில்லை. வெடிப்பைத் தொடக்க மணியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது இறக்குவது என்பதை மூக்கும் விரலும் சொல்லட்டும்.

முதலில், சரியாக வந்தால் எப்படி இருக்கும்

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவு வேண்டும் அல்லவா? எள்ளுருண்டைக்கு 200 கிராம் கறுப்பு எள் என்று வைத்துக்கொள்வோம்.

முறத்தில் புடைத்துச் சருகையும் சாவியையும் நீக்குங்கள். முறம் இல்லாவிட்டால் மெல்லிய சல்லடையில் ஒரு முறை சலித்தால் போதும். இந்த வேலையைத் தவிர்க்காதீர்கள். முற்றாத பொடி எள்ளும் உடைந்த தோலும்தான் வாணலியில் முதலில் கருகும். நல்ல எள் பதமாகும் நேரத்தில் அவை கரியாகிக் கசப்பைப் பரப்பியிருக்கும்.

பிறகு அகலமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அரித்தெடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்து ஆட்ட ஆட்ட எள் தண்ணீரோடு மேலே எழுந்து வரும், மண்ணும் பொடிக்கல்லும் அடியில் தங்கும். மேலே வருவதை மட்டும் வடிகட்டியில் ஊற்றி எடுக்க வேண்டும். அடியில் கிடக்கும் கடைசிக் கைப்பிடியில் ஆசை வைக்க வேண்டாம். வடித்ததைப் பருத்தித் துணியில் பரப்பி, கையில் எடுத்தால் ஈரம் ஒட்டாமல் உதிரும் அளவுக்கு, ஒரு மணி நேரம் போல நிழலில் விடுங்கள்.

அடி கனமான வாணலியை மிதமான தீயில் சூடாக்கி, எள்ளில் பாதியை, அதாவது 100 கிராமை மட்டும் போடுங்கள். கைவிடாமல் கிளற வேண்டும். முதல் ஓரிரு நிமிடம் ஈரத் தானிய வாடை வரும். பிறகு நல்லெண்ணெய்ப் பாட்டிலைத் திறந்த மாதிரி ஒரு வாசனை. அதுவரை எள் இன்னும் பச்சைதான். நம்மூர் நல்லெண்ணெயே வறுக்காத எள்ளில் ஆட்டியதுதானே. இங்கே ஒன்றிரண்டாக வெடிக்கத் தொடங்கும். தீயைச் சிறுதீக்குக் கொண்டுவாருங்கள். வெடிப்பு கூடி, சடசடவென்று ஒரு சுற்று அடித்து, பிறகு தளரும். அந்தத் தளர்ச்சியில் வறுத்த வேர்க்கடலைச் சாயலில் மணம் எழும். முழுக்க அடங்கும் வரை நிற்காமல் அப்போதே அகலமான தாம்பாளத்தில் கொட்டிப் பரப்பிவிடுங்கள். எள்ளின் ஈரத்தையும் அடுப்பையும் பொறுத்து ஐந்திலிருந்து எட்டு நிமிடத்துக்குள் இது முடியும்.

சோதிக்க, இரண்டு எள்ளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்குங்கள். பதமானது சட்டென்று நொறுங்கிப் பொடியாகும். பச்சையானது நொறுங்காமல் தட்டையாகி விரலில் ஒட்டும். உடைந்த எள்ளின் உள்ளே பாருங்கள். வெளுப்பாக இருந்தால் போதாது, வெளிர் பழுப்பு சரி, காப்பிப்பொடி நிறம் வந்துவிட்டால் தாண்டிவிட்டது.

இந்தப் படம் மனதில் இருந்தால், கீழே உள்ளவற்றில் உங்கள் வாணலியில் நடந்தது எது என்று எளிதில் தெரிந்துவிடும்.

வெடிக்கவே இல்லை

முதலில் எள் எந்த வகை என்று பாருங்கள். கடையில் பளபளவென்று வெள்ளையாகப் பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் தோலெடுத்த எள். தோல் இல்லாததால் ஆவி அடைபடாது, சத்தமும் பெரிதாக வராது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துள்ளுவதோடு சரி. இதை வெடிக்கும் வரை வறுக்கிறேன் என்று நின்றால் கருகல் நிச்சயம். இந்த எள்ளுக்குக் கண்தான் அளவு. பால் வெள்ளை மாறி, தந்த நிறம் தாண்டி, லேசான பொன்னிறம் தட்டியதும் இறக்கிவிட வேண்டும்.

தோலோடு இருந்தும் வெடிக்கவில்லையா? நாள்பட்ட எள்ளாக இருக்கலாம், அல்லது கழுவிய பிறகு கடும் வெயிலில் நாள் முழுக்கக் காய்ந்திருக்கலாம். உள்ளே ஈரம் இல்லை. 100 கிராம் எள்ளுக்கு ஒரு தேக்கரண்டி தண்ணீர் தெளித்து, கையால் பிசறி, கால் மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு வறுத்தால் வெடிக்கும். ஆனால் ஏற்கெனவே வாணலியில் சூடாக இருக்கும் எள்ளில் தண்ணீர் தெளிக்காதீர்கள். மேற்பரப்பு நனைந்து கட்டி கட்டும், உள்ளே எதுவும் போகாது.

மூன்றாவது காரணம், தீ. பயந்து பயந்து மிகச் சிறிய தீயிலேயே தொடக்கம் முதல் வறுத்தால், ஈரம் மெதுவாகக் கசிந்து வெளியேறிவிடும். முட்டி வெடிக்கும் அளவுக்கு அழுத்தம் சேராது. எள் வறுபடும், மணமும் வரும், சத்தம் மட்டும் இருக்காது. நசுக்கிப் பார்த்து நொறுங்கினால் அது பதமான எள்தான், வெடிக்காததற்காக மேலும் வறுக்க வேண்டாம்.

போட்ட உடனே வெடித்துத் தெறிக்கிறது

வாணலி அளவுக்கு மேல் சூடாகிவிட்டது. தோல் மட்டும் சூடாகி வெடிக்கிறது, உள்ளே பச்சை. உடனே வாணலியை அடுப்பிலிருந்து தூக்கிப் பிடித்து அரை நிமிடம் கிளறுங்கள், பிறகு சிறுதீயில் தொடருங்கள். எள் போதாமல் வாணலி பாதி காலியாகக் கிடந்தாலும் இப்படித்தான் ஆகும். தெறிப்பதை அடக்க முழு மூடி போடாதீர்கள். ஆவி திரும்ப எள்ளிலேயே விழும், கிளறவும் முடியாது. ஆழமான வாணலிதான் நல்ல தீர்வு. இண்டக்‌ஷன் அடுப்பில் தட்டையான பாத்திரத்தின் நடுவட்டம் மட்டும் கொதித்துக் கிடக்கும். அங்கே குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவதே நல்லது.

பாதி கருகியிருக்கிறது, பாதி பச்சையாக இருக்கிறது

அளவு கூடிவிட்டது. அரைக் கிலோவை ஒரே தடவையில் போட்டுவிட்டு எவ்வளவு கிளறினாலும், அடியில் இருப்பது மேலே வருவதற்குள் வறுபட்டுவிடும். எள் வாணலியின் அடியில் மெல்லிய படுகையாகப் பரவி நிற்க வேண்டும், கரண்டியால் இழுத்தால் வாணலியின் அடி தெரிய வேண்டும். அதற்கு மேல் இருந்தால் இரண்டு ஈடாகப் பிரியுங்கள். இரண்டாவது ஈட்டுக்கு வாணலி ஏற்கெனவே சூடாக இருக்கும், நேரம் குறையும். முதல் ஈடு நன்றாக வந்து இரண்டாவது கருகுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அடுத்த ஈட்டைப் போடும் முன் வாணலியை ஒரு துணியால் துடைத்து விடுங்கள், ஒட்டியிருக்கும் நான்கைந்து எள் இரண்டு முறை வறுபட்டுக் கரியாகாது.

ஈரம் சரியாக வடியாமல் போட்டாலும் இதே கோலம்தான். ஈர எள் கட்டி கட்டியாக நிற்கும். கட்டியின் வெளிப்புறம் கருகும்போது நடுவில் ஈரம் இருக்கும். கட்டிகள் தெரிந்தால், வெடிப்பு தொடங்கும் முன்பே கரண்டியின் முதுகால் உடைத்துவிட வேண்டும்.

கறுப்பு எள், நிறமே தெரியவில்லை

உண்மையான சிரமம் இது. கறுப்பு எள் கருகினாலும் கறுப்புத்தான். இதற்கு ஒரு வழி உண்டு. தோலோடு இருக்கும் வெளிர்நிற எள் கால் தேக்கரண்டியை அதோடு கலந்து வறுங்கள். அந்தச் சில எள் பொன்னிறமாகும்போது கறுப்பும் கிட்டத்தட்ட அதே பதத்தில் இருக்கும். தோலெடுத்த எள்ளை இதற்குப் போடாதீர்கள், அது முந்திக்கொண்டு சிவந்து உங்களை ஏமாற்றும். வெளிர் எள் கையில் இல்லையென்றால், வெடிப்பு தொடங்கிய பிறகு அரை நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு எள்ளை எடுத்து ஊதி நசுக்கி உள்நிறம் பாருங்கள். பதமான கறுப்பு எள் சற்று உப்பியும் இருக்கும், பச்சை எள்ளின் தட்டையான வடிவம் போயிருக்கும்.

கசக்கிறது

இங்கேதான் நிதானம் வேண்டும். எள்ளில் வரும் கசப்பு ஒரே கசப்பு அல்ல. காரணம் தெரியாமல் வெல்லத்தைக் கூட்டினால் இனிப்பும் கசப்புமாக ஒரு பண்டம் கிடைக்கும், அவ்வளவுதான். வறுக்கும் முன் பச்சை எள்ளில் ஒரு சிட்டிகையை வாயில் போட்டு மென்று பார்ப்பது பல சந்தேகங்களைத் தீர்க்கும்.

பச்சையிலேயே லேசான கசப்பு, துவர்ப்பு கலந்து, நாக்கில் தெரிந்து உடனே மறைகிறது என்றால் அது தோலின் கசப்பு. தோலில் கால்சியம் ஆக்சலேட் இருக்கிறது, கறுப்பு எள்ளை இப்படி மென்றால் பலருக்கும் இந்தச் சுவை தட்டுப்படும். இது கெடுதல் அல்ல. வெல்லத்தோடு சேரும்போது அந்தச் சின்னக் கசப்புதான் எள்ளுருண்டையைத் திகட்டாமல் வைக்கிறது என்பது என் கட்சி. பிடிக்காதவர்கள், எள்ளைச் சில மணி நேரம் ஊறவைத்து, வடித்து, சாக்குத் துணியிலோ சொரசொரப்பான தரையிலோ தேய்த்துத் தோலை நீக்கிவிடலாம். தண்ணீரில் அலசினால் உரிந்த தோல் போய்விடும். இப்படித் தோல் கழன்ற எள் அவ்வளவாக வெடிக்காது என்பதை மறக்க வேண்டாம்.

பச்சையிலேயே பழைய எண்ணெய் வாடை, மென்று விழுங்கிய பிறகு தொண்டையில் காறல் என்றால் எள் சிக்குப் பிடித்துவிட்டது. எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய் உள்ள பொருள் இது. சூடான இடத்தில் மாதக்கணக்கில் இருந்தால் எண்ணெய் கெடும். வறுத்தால் அந்த வாடை கொஞ்ச நேரம் அடங்கியது போல இருக்கும், ஆறியதும் திரும்ப வரும். இதற்கு மருந்து கிடையாது, தூக்கிப் போடுங்கள்.

பச்சையில் நன்றாக இருந்து, வறுத்த பிறகு கசந்தால் அது கருகல். இந்தக் கசப்பு முதலில் தெரியாது. மென்று முடிக்கும்போது அடிநாக்கில் வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்தாலும் போகாது. மோந்தால் மணத்துக்குப் பின்னால் புகை இருக்கும். உடைத்தால் உள்ளே அடர் பழுப்பு. எல்லாமே இப்படி இருந்தால் காப்பாற்ற வழியில்லை. கொஞ்சம்தான் கருகியது, மற்றவை நன்றாக இருக்கின்றன என்றால், ஆறிய பிறகு மெல்லிய சல்லடையில் சலித்துப் பாருங்கள். கருகியது பெரும்பாலும் பொடி எள்ளும் தோலும்தான், கீழே இறங்கிவிடும். மேலே நிற்பதை மென்று பார்த்து, சரியாக இருந்தால் பயன்படுத்தலாம்.

குறைவாக வறுத்ததை மறுபடி வாணலியில் போட்டுத் திருத்தலாம். கூடுதலாக வறுத்ததைத் திருப்ப முடியாது. சந்தேகம் வந்தால் இறக்கிவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

வாணலியில் நன்றாக இருந்தது, ஆறியதும் கசந்தது

எள்ளுக்குள் இருக்கும் எண்ணெய் சூட்டை விடாமல் பிடித்து வைத்திருக்கும். அடுப்பை அணைத்துவிட்டு வாணலியிலேயே விட்டால், அதுவும் இரும்புச் சட்டியானால், இன்னும் சில நிமிடம் வறுபட்டுக்கொண்டேதான் இருக்கும். ஒரு கிண்ணத்தில் குவித்து வைத்தாலும் நடுவில் சூடு தங்கி அதே கதை. கொட்டுவதற்கான தாம்பாளத்தை வறுக்கத் தொடங்கும் முன்பே அடுப்புக்குப் பக்கத்தில் எடுத்து வையுங்கள். கொட்டிய பிறகு கரண்டியால் இரண்டு முறை பரத்திவிட வேண்டும். விரலை வைத்தால் சூடு தெரியாத வரை அரைக்க வேண்டாம்.

உருண்டை கசக்கிறது, எள் மட்டும் தின்றால் கசக்கவில்லை

குற்றவாளி பாகு. வெல்லப் பாகைப் பதம் தாண்டிக் காய்ச்சினால் அதுவே காந்திக் கசக்கும், பழி எள்ளின் மேல் விழும். கலக்கும் முன் வறுத்த எள்ளில் ஒரு தேக்கரண்டி தனியே எடுத்து வைத்தால் இந்த வழக்கு உடனே தீரும். பாகு பயமாக இருந்தால் இடித்துச் செய்யும் உருண்டைக்கு மாறிவிடுங்கள். மேலே சொன்ன 200 கிராம் எள் நன்றாக ஆறியதும், மிக்ஸியில் விட்டு விட்டுக் கொரகொரப்பாகப் பொடித்து, 150 கிராம் பொடித்த வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து இன்னும் இரண்டு மூன்று சுற்று விடுங்கள். எள்ளின் எண்ணெயும் வெல்லத்தின் பிசுக்கும் சேர்ந்து கையில் பிடித்தால் பிடிபடும். பாகு தேவையே இல்லை. பிடிபடாமல் உதிர்ந்தால் எள் வறுபடாதது காரணமாக இருக்கலாம். பச்சை எள் சரியாக நொறுங்காது, எண்ணெயையும் விடாது.

பொடிக்க நினைத்தால் களியாகிறது

நவராத்திரிச் சனிக்கிழமை எள்ளு சாதத்துக்குப் பொடி செய்யும்போது அடிக்கடி வரும் புகார் இது. எள் சூடாக இருந்திருக்கும், அல்லது மிக்ஸி தொடர்ந்து ஓடியிருக்கும். வறுத்த உளுந்தம்பருப்பு, மிளகாய், உப்பு ஆகியவற்றை முதலில் பொடித்துவிட்டு, எள்ளைக் கடைசியில் போட்டு இரண்டு மூன்று முறை மட்டும் விட்டு விட்டுச் சுற்றுங்கள். களியாகிவிட்டதா, கவலை வேண்டாம். அதையே புளி சேர்த்துத் துவையலாக்கிவிடலாம்.

துவையலில் மட்டும் கசக்கிறது

இனிப்புக்கு வறுக்கும் அதே பதம் துவையலுக்கு வேண்டாம். இனிப்பில் வெல்லம் தாங்கிக்கொள்ளும், புளியும் காரமும் கசப்பை இன்னும் எடுத்துக் காட்டும். வெடிப்பு உச்சத்தில் இருக்கும்போதே, தளரும் வரை காத்திராமல், இறக்கிவிடுங்கள்.

அடுத்து, மிளகாயோடு சேர்த்து எண்ணெயில் வறுக்கும் பழக்கம். எண்ணெயில் எள் மிக வேகமாகச் சிவக்கும், மிளகாய் வறுபடும் நேரத்தை அது தாங்காது. மிளகாயும் உளுந்தும் எண்ணெயில் தனியே, எள் வெறும் வாணலியில் தனியே. ஒரே வாணலிதான் இருக்கிறது என்றால் எள்ளை முதலில் வறுத்து எடுத்துவிடுங்கள். மிளகாய்க்குப் பிறகு வறுத்தால், வாணலியில் உதிர்ந்து கிடக்கும் மிளகாய் விதைகள் கருகி எள்ளோடு வந்துவிடும், பார்த்தால் வித்தியாசமும் தெரியாது.

நான்கு பேருக்குத் துவையலுக்கு 50 கிராம் எள் போதும். இவ்வளவு குறைந்த எள் நான்கு நிமிடத்திலேயே முடிந்துவிடும். அந்த நேரத்தில் தேங்காய் துருவப் போகாதீர்கள்.